டிஸ்சார்ஜ் சீட்டைத் தமிழில் எழுதும்போது மருந்து வரிகளை என்ன செய்வது?

கேள்வி: பினாங்கில் இதய வார்டில் இருந்த என் அத்தை, கூலிம் பக்கம் தோட்டத்து வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். டிஸ்சார்ஜ் சீட்டை எளிய தமிழில் எழுதிக் கொடுக்க நினைக்கிறேன். சீட்டில் 'ஃப்ரூசமைட் 40 மி.கி. பி.டி.', 'பைசோப்ரோலோல் 1.25 மி.கி. ஓ.டி.', 'அட்டோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. ஓ.என்.', 'மெட்ஃபோர்மின் வித்ஹெல்ட்', 'டி.சி.ஏ. 2/52' என்றெல்லாம் இருக்கின்றன. மருந்துப் பெயர்களையும் தமிழில் எழுதிவிடலாமா? இந்தக் குறிப்புகளை எப்படி எழுதுவது?

பதில்:

மருந்தின் பெயர், மாத்திரையின் வலிமை, ஒரு வேளைக்கான அளவு, அலகு ஆகிய நான்கையும் மொழிபெயர்க்காதீர்கள். அவற்றைப் படியெடுக்க மட்டும் செய்யுங்கள். எந்த நேரத்தில் சாப்பிடுவது, எதற்காகச் சாப்பிடுவது, எதை நிறுத்துவது, எப்போது உதவி கேட்பது ஆகியவற்றை மட்டும் தமிழில் எழுதுங்கள். மருந்தகத்தில் பணிபுரிகிறவள் என்ற முறையில் நான் பார்த்தவரை, வீட்டார் எழுதிக் கொடுக்கும் தாள்களில் கோளாறு வருவது பெரும்பாலும் இந்த இரண்டும் கலந்துவிடும் இடத்தில்தான்.

பெயரை ஆங்கில எழுத்தில், மருந்து உறையில் அச்சாகியிருப்பதைப் போலவே எழுத்துக்கு எழுத்து எழுதி, அதன் கீழே உச்சரிப்பைத் தமிழில் சிறிதாக எழுதலாம். (இந்தப் பதிலில் நான் பெயர்களைத் தமிழில் எழுதுவது உங்களுக்கு விளக்குவதற்காக மட்டுமே, அத்தையின் தாளில் அப்படிச் செய்யாதீர்கள்.) தமிழில் ஒரே 'ப' ஆங்கிலத்தின் p, b என்ற இரண்டு ஒலிகளுக்கும் நிற்கிறது, ஒரே பெயரை நான்கு பேர் நான்கு விதமாக எழுதுகிறார்கள். நள்ளிரவில் மூச்சுத் திணறி அத்தையை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனால், அங்கிருக்கும் மருத்துவர் தமிழ் அறியாதவராக இருக்கலாம். அறிந்தவராக இருந்தாலும் தமிழ் உச்சரிப்பிலிருந்து மருந்தைச் சரியாக ஊகிக்கும்படி அவரை விடக்கூடாது.

எண்களை எண்களாகவே எழுதுங்கள். 1.25 என்பதில் உள்ள புள்ளி, மங்கிய பேனாவில் மறைந்தால் 125 ஆகிவிடும். ஆகவே புள்ளியை அழுத்தமாக வைத்து, பக்கத்தில் 'ஒன்றே கால்' என்று சொல்லாலும் எழுதுங்கள். அரை என்பதை 0.5 என்று எழுதுங்கள். முன்னால் பூச்சியம் இல்லாத .5 ஐந்தாகப் படிக்கப்படும். ஐந்தை 5.0 என்று எழுதினால் ஐம்பதாகப் படிக்கப்படும். 'மி.கி.', 'மை.கி.' என்ற இரண்டு சுருக்கங்களும் கையெழுத்தில் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் அவற்றுக்கிடையே ஆயிரம் மடங்கு வித்தியாசம் இருக்கிறது. அத்தையின் மருந்துகளில் மைக்ரோகிராம் அளவில் ஏதேனும் இருந்தால் அந்தச் சொல்லை முழுமையாக எழுதுங்கள்.

இனி ஃப்ரூசமைட் வரிக்கு வருவோம், ஏனெனில் நீங்கள் அனுப்பியவற்றில் மிக அதிகக் கவனம் தேவைப்படுவது அதுதான். 'பி.டி.' என்றால் நாளைக்கு இரண்டு வேளை. இதைத் தமிழில் எழுத உட்காரும் எவர் கையும் தானாகவே 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்று எழுதிவிடும். ஆனால் இது சிறுநீரைப் பெருக்கி, உடலில் தேங்கிய நீரை வெளியேற்றும் மருந்து; வாயில் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, சுமார் ஆறு மணி நேரம் நீடிக்கும். இரவு எட்டு மணிக்குப் போட்டால் அத்தை நள்ளிரவு தாண்டியும் கழிவறைக்கு நடந்துகொண்டிருப்பார். வீட்டுக்குப் பின்னால் தனியாகக் கழிவறை இருக்கும் தோட்டத்து வீடாக இருந்தால், தூக்கக் கலக்கத்தில் படியிறங்கும்போது வழுக்கி விழ இடமுண்டு. விழாவிட்டாலும், இரண்டு மூன்று இரவு தூக்கம் கெட்டதும் 'இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று அவராகவே இரவு மாத்திரையை விட்டுவிடுவார். நீர் மறுபடியும் காலில் ஏறும், பிறகு நுரையீரலில் ஏறும், அவர் மறுபடியும் அதே வார்டுக்கு வருவார். சீட்டில் எழுதியது சரி, மருந்தும் சரி, வேளையை ஊகித்து எழுதியது மட்டும் தவறு என்ற நிலை அது.

ஃப்ரூசமைடை இரண்டு வேளை எழுதும்போது வழக்கமாகக் காலை எட்டு மணி வாக்கிலும் பிற்பகல் இரண்டு மணி வாக்கிலும் கொடுப்பார்கள். ஆனால் வழக்கம் இப்படி என்று நான் சொன்னதை வைத்து நீங்கள் எழுதிவிடாதீர்கள். மருந்து உறையின் மேல் தொலைபேசி எண் இருந்தால் அதற்கு, இல்லையென்றால் மருத்துவமனையின் பொது எண் வழியாக மருந்தகத்துக்கு அழைத்து, 'ஃப்ரூசமைட் 40 மில்லிகிராம் இரண்டு வேளை என்று இருக்கிறது, இரண்டாவது வேளை எத்தனை மணிக்கு?' என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு தாளில் இந்த அளவுக்கு எழுதினால் போதும்:

'(ஆங்கிலத்தில் மருந்தின் பெயர்) 40 மி.கி. உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை. காலை 8 மணிக்கு 1 மாத்திரை. பிற்பகல் 2 மணிக்கு 1 மாத்திரை. இரவில் போட வேண்டாம்.'

அந்தக் கடைசி வாக்கியம் சீட்டில் இல்லாதது; மருந்தாளரைக் கேட்டு நீங்கள் சேர்ப்பது. இப்படிச் சேர்க்கும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யாரைக் கேட்டீர்கள், எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்று சிறிதாகக் குறித்து வையுங்கள். அது அத்தைக்குத் தேவையில்லை, ஆனால் அடுத்த முறை தாளைப் பார்க்கும் மருத்துவருக்கு எது சீட்டிலிருந்து வந்தது, எது பிறகு வந்தது என்று தெரிய வேண்டும்.

பைசோப்ரோலோல் 1.25 மில்லிகிராம் வரியில் சிக்கல் வேறு வகையானது. சீட்டு மில்லிகிராமில் பேசுகிறது, அத்தையோ மாத்திரைக் கணக்கில்தான் சாப்பிடுவார். கையில் கிடைத்திருப்பது 2.5 மில்லிகிராம் மாத்திரையாக இருந்தால் ஒரு வேளைக்கு அரை மாத்திரை. அப்போது உறையின் மேல் மலாயில் அரை 'பிஜி' என்று அச்சிட்டிருப்பார்கள். நீங்கள் தாளில் வெறுமனே 'அரை மாத்திரை' என்று எழுதினால் இன்றைக்கு அது சரி. ஆனால் அடுத்த மாதம் வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் மருந்து எடுக்கும்போது, அங்கே 1.25 மில்லிகிராம் மாத்திரையே கொடுக்கலாம். அத்தை தாளை நம்பி அதையும் பாதியாக உடைத்தால் தேவையான அளவில் பாதிதான் உடலுக்குப் போகும். மாறாக, தாளில் 'ஒரு மாத்திரை' என்று இருந்து கையில் 2.5 வந்துவிட்டால் அளவு இரட்டிப்பாகும்; இதயத் துடிப்பு மெதுவாகித் தலை சுற்றும், எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். எனவே மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும்: மாத்திரை அட்டையில் அச்சாகியிருக்கும் வலிமை 2.5 மி.கி., அத்தைக்கு ஒரு வேளைக்கு வேண்டியது 1.25 மி.கி., ஆகவே அரை மாத்திரை. அதற்குக் கீழே, 'அட்டையில் 2.5 என்று இல்லாமல் வேறு எண் இருந்தால், போடுவதற்கு முன் எனக்குப் போன் செய்யுங்கள்' என்று எழுதுங்கள். தமிழ் மட்டுமே படிப்பவரானாலும் அத்தைக்கு எண்கள் தெரியும்; அந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க அவரால் முடியும்.

பலர் இந்த இடத்தில் 'வெள்ளை மாத்திரை', 'இளஞ்சிவப்பு வட்ட மாத்திரை' என்று அடையாளம் எழுதுவார்கள். படிக்கத் தெரியாதவருக்கு அது உதவும் என்பது உண்மைதான். ஆனால் அதே மருந்து வேறு தயாரிப்பாளரிடமிருந்து வாங்கப்பட்டால் நிறமும் வடிவமும் மாறிவிடும், அரசாங்க மருந்தகங்களில் இது அடிக்கடி நடக்கிறது. நிறத்தை எழுதத்தான் வேண்டும் என்றால், இந்தத் தேதியில் வாங்கிய மாத்திரைக்கு மட்டும் என்று சேர்த்து எழுதுங்கள்.

'ஓ.டி.' என்பது நாளைக்கு ஒரு வேளை. எந்த வேளை என்று அது சொல்வதில்லை, ஆகவே அதையும் உறையைப் பார்த்தோ கேட்டோதான் எழுத வேண்டும். கண் சொட்டு மருந்துக்கு அதே இரண்டு எழுத்துகள் வலது கண்ணையும் குறிக்கும் என்பதால், சொட்டு மருந்து ஏதேனும் இருந்தால் நின்று யோசியுங்கள். 'ஓ.என்.' என்பது இரவில் என்று பொருள். ஆங்கிலத்தில் 'தொடர்ந்து' என்று பொருள்படும் சொல்லாக அதைப் படித்து, 'தொடர்ந்து சாப்பிடவும்' என்று பிள்ளைகள் எழுதிக் கொடுத்த தாளைக் கண்டிருக்கிறேன். 'டி.சி.ஏ. 2/52' என்பது இரண்டு வாரத்தில் மீண்டும் வரவும் என்பதாகும். கீழே 52 இருந்தால் வாரம், 12 இருந்தால் மாதம், 7 இருந்தால் நாள். 2/12 என்று இருந்தால் அது டிசம்பர் 2 ஆகாது, இரண்டு மாதம். தாளில் இவை எதையும் சுருக்கமாக எழுதாமல், சந்திப்பு அட்டையில் உள்ள தேதி, கிழமை, மணி, எந்தக் கட்டடம், வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்பது வரை முழுமையாக எழுதுங்கள்.

'மெட்ஃபோர்மின் வித்ஹெல்ட்' என்றால் அந்தச் சர்க்கரை மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். இந்த வரியை இரண்டு பக்கமும் தவறாக எழுதலாம். 'நிறுத்திவிட்டார்கள்' என்று எழுதினால், அத்தை வீட்டிலிருக்கும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு, சர்க்கரைக்கு இனி மருந்தே வேண்டாம் என்று இருந்துவிடுவார். எழுதாமலே விட்டால், ஏற்கெனவே வீட்டிலிருக்கும் மாத்திரையைப் பழையபடி போட்டுக்கொண்டிருப்பார். இதயம் பலவீனப்பட்டு நீர் தேங்கிய நிலையில் சிறுநீரகத்தின் வேலையும் ஏறியிறங்குவதால், இரத்தப் பரிசோதனை நிலையானதாக வரும் வரை அதைத் தள்ளி வைத்திருப்பார்கள். ஆனால் உங்கள் அத்தைக்கு என்ன காரணம் என்பதைச் சீட்டிலோ மருத்துவரிடமோ பார்த்துக்கொள்ளுங்கள். தாளில், 'சர்க்கரை மாத்திரை (ஆங்கிலத்தில் பெயர்): இப்போதைக்குப் போட வேண்டாம். இரத்தப் பரிசோதனை பார்த்த பிறகு டாக்டர் சொன்னால்தான் மறுபடியும் தொடங்க வேண்டும். மாத்திரையை எறிய வேண்டாம்' என்று எழுதலாம். அதோடு, இடைப்பட்ட நாள்களில் சர்க்கரைக்கு வேறு மருந்து ஏதும் உண்டா, இல்லையென்றால் வீட்டில் சர்க்கரை பார்க்க வேண்டுமா என்பதையும் கேட்டு எழுதுங்கள். அது சீட்டில் விடுபட்டிருந்தால், உங்கள் தாளிலும் விடுபட்டுப் போகும்.

இந்த ஒரு வரி உங்களை அத்தையின் வீட்டு அலமாரிக்குக் கொண்டுபோக வேண்டும். மருத்துவமனை சீட்டு புதிதாகக் கொடுத்ததைத்தான் பேசுகிறது. வீட்டில் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கும் பழைய உறைகளைப் பற்றி அதற்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை நேரில் போய் எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள். சீட்டில் ஃப்ரூசமைட் என்றும், ஓர் அட்டையில் ஃபியூரோசமைட் என்றும், பழைய தனியார் கிளினிக் உறையில் லேசிக்ஸ் என்றும் இருக்கக்கூடும். மூன்றும் ஒரே மருந்து. பெயர் வேறாக இருப்பதால் மூன்றையும் வேறு வேறு மாத்திரை என்று நினைத்துச் சாப்பிட்டால், உடலிலிருந்து நீரும் உப்புச் சத்தும் அளவுக்கு மீறி வெளியேறி மயக்கம் வரும். எந்தப் பழைய உறையைத் தொடர்வது, எதை விடுவது என்பதை நீங்களாக முடிவு செய்யாமல் எல்லா உறைகளையும் பெயரும் எண்ணும் தெரியும்படி படமெடுத்து மருந்தாளரிடம் காட்டுங்கள். போட வேண்டாதவற்றை ஒரு தனிப் பையில் கட்டி, 'இதைத் தொட வேண்டாம், டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்' என்று பெரிய எழுத்தில் எழுதி, மற்ற மருந்துகளிலிருந்து வேறு அறையில் வையுங்கள்.

அதே மேசையில் வலி மாத்திரைகளையும் தேடுங்கள். இதய நோயாளியின் சீட்டில் குறிப்பிட்ட வகை வலி மாத்திரைகளைத் தவிர்க்கவும் என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும், அது மருந்தின் பெயராக இல்லாமல் வகையின் பெயராக இருக்கும். வகையின் பெயரை அத்தை எந்தக் கடையிலும் பார்க்கப் போவதில்லை. முட்டி வலிக்கு அவர் வாங்கிப் போடுவது டிக்லோஃபெனாக்கா, பொன்ஸ்டானா, ஐபுப்ரோஃபெனா என்று கேட்டு, அந்தப் பெயரையே எழுதி 'இது கூடாது' என்று எழுதுங்கள். இவை மூன்றும் உடலில் நீரையும் உப்பையும் தேக்கிச் சிறுநீரகத்தையும் சிரமப்படுத்துபவை. வலித்தால் எதைப் போடலாம், நாளைக்கு அதிகபட்சம் எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டு அடுத்த வரியில் எழுதாவிட்டால், 'கூடாது' என்ற வரி ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. வலி பொறுக்காமல் அவர் மறுபடியும் அதையே வாங்குவார்.

நோயின் பெயரை எழுதும்போது அகராதியைப் பார்க்காதீர்கள். 'இதயச் செயலிழப்பு' என்று படித்தால் தன் இதயம் நின்றுவிடப் போகிறது என்றுதான் அத்தை எடுத்துக்கொள்வார். 'இதயம் பலவீனப்பட்டு, வேண்டிய அளவுக்கு இரத்தத்தை இறைக்க முடியவில்லை. அதனால் காலிலும் நுரையீரலிலும் நீர் தேங்கி மூச்சு வாங்கியது' என்று எழுதினால் உண்மையும் குறையாது, அந்த நீர் மாத்திரை எதற்கு என்பதும் சேர்ந்தே விளங்கும்.

தண்ணீர் அளவு சீட்டில் லிட்டரில் இருக்கும். 1.5 லிட்டர் என்று இருந்தால், கடையில் கிடைக்கும் 1.5 லிட்டர் தண்ணீர் போத்தலைக் காலையில் நிரப்பி மேசையில் வைக்கச் சொல்லுங்கள். அத்தை குடிக்கும் தண்ணீர் அதிலிருந்துதான். தேநீர், ரசம், கஞ்சி, மோர் எது குடித்தாலும் அதே கிண்ணத்தால் அதே அளவு தண்ணீரைப் போத்தலிலிருந்து எடுத்துக் கீழே ஊற்றிவிட வேண்டும். போத்தல் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. ரசத்தையும் கஞ்சியையும் யாரும் தண்ணீராக எண்ணுவதில்லை. எழுதிக் கொடுத்தால்தான் எண்ணுவார்கள்.

ஆபத்து அறிகுறிகளைத் தாளின் மேற்பகுதியிலேயே எழுதுங்கள். எடையைக் காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன் பார்க்க வேண்டும். சீட்டில் வேறு எண் கொடுத்திருந்தால் அதையே எழுதுங்கள். கொடுக்காவிட்டால் மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் கிளினிக்கை அழைக்க வேண்டும் என்பதுதான் இதய நோயாளிகளுக்குப் பொதுவாகச் சொல்லித் தரப்படுவது, அதையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். படுத்தால் மூச்சு முட்டுவது, நெஞ்சு வலி, மயங்கி விழுவது ஆகியவற்றுக்கு உங்களை அழைத்து நேரத்தைப் போக்காமல் 999 அழைக்க வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். பலர் முதலில் மகனையோ மருமகனையோ அழைத்துவிட்டு, அவர் பாலத்தைத் தாண்டி வரும் வரை காத்திருக்கிறார்கள்.

எழுதி முடித்ததும் நீங்களே சரிபார்த்தால் போதாது, ஏனெனில் எழுதிய கண்ணுக்கு எழுதியதே தெரியும். வீட்டில் இன்னொருவர் கையில் மருந்து உறைகளைக் கொடுத்து, நீங்கள் தாளைப் பெயர், எண், அலகு, வேளை என்று சத்தமாகப் படிக்க, அவர் ஒவ்வொன்றாக உறையில் தொட்டுக் காட்ட வேண்டும். பிறகு அவர் உறையைப் படிக்க நீங்கள் தாளில் தொட்டுக் காட்டுங்கள். தாளில் விடுபட்டுப்போன மருந்து இந்த இரண்டாவது சுற்றில்தான் அகப்படும். அடுத்து அத்தையிடம் தாளைக் கொடுத்து, 'புரிந்ததா அத்தை?' என்று கேட்காதீர்கள். புரிந்தது என்றுதான் சொல்வார். 'நாளைக்குக் காலையில் எதையெல்லாம் போடுவீங்க, எடுத்துக் காட்டுங்க அத்தை' என்று கேளுங்கள். அவர் எந்த மாத்திரையில் தடுமாறுகிறாரோ, அந்த வரியை அவர் சொல்லும் சொற்களிலேயே திருத்தி எழுதுங்கள்.

தாளின் மேல், அத்தையின் பெயர், எழுதிய தேதி, ஒவ்வாமை ஏதேனும் உண்டா என்பது, 'இது வீட்டில் படிப்பதற்கு மட்டும்; மருத்துவர் பார்க்க வேண்டியது இதனுடன் இருக்கும் ஆங்கிலச் சீட்டு' என்ற ஒரு வரி ஆகியவை இருக்கட்டும். அசல் சீட்டின் நகலை அதே பிளாஸ்டிக் உறைக்குள் பின்பக்கமாகச் செருகி வையுங்கள். இரண்டு வாரத்தில் நடக்கும் சந்திப்பில் அளவுகள் மாற வாய்ப்பு அதிகம். பைசோப்ரோலோலைப் படிப்படியாகக் கூட்டுவது வழக்கமான நடைமுறை. மாறினால், இருக்கும் தாளில் அடித்துத் திருத்தாமல் புதிய தாள் எழுதி, பழையதை அத்தையின் கண்ணெதிரிலேயே கிழித்துவிடுங்கள். குளிர்பெட்டியில் ஒட்டிய பிரதியும், தெருமுனை வீட்டில் இருக்கும் மகளிடம் கொடுத்த பிரதியும், வாட்ஸ்அப்பில் அனுப்பிய படமும் அதே நாளில் மாற வேண்டும்.